கை காலில் ஏற வேண்டிய எடை

2004ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. இரண்டு மருத்துவர்கள் அருகருகே நிற்கிறார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. ஆனால் உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தபோது, யுட்கினுக்கு 9.1 சதவீதமும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தது. எடைக் கருவிக்கு ஒரே மாதிரியாகத் தெரிந்த இரண்டு உடம்புகளுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

எடை கூட்ட நினைக்கும் ஒல்லியான ஒருவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ஐரோப்பியரோடு ஒப்பிட்டால், அதே எடையில் நம்மவர்களுக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் வயிற்றுப் பகுதியில் சேரும் போக்கு நமக்கு உண்டு. நம் ஊரில் பார்வைக்கு மெலிந்தவர்களுக்கும் சர்க்கரை நோய் வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பரோட்டாவும் சிப்ஸும் குளிர்பானமும் பேக்கரி பஃப்ஸுமாகத் தின்று 6 கிலோ கூட்டிவிடலாம். கூடிய எடையில் பெரும்பகுதி இடுப்பைச் சுற்றி நிற்கும். தோளும் தொடையும் பழையபடியே இருக்கும். அந்த 6 கிலோ இல்லாமலே அவர் நன்றாக இருந்திருப்பார்.

ஆகவே எடை ஏற வேண்டும், அதில் கணிசமான பங்கு தசையாக ஏற வேண்டும். இதை நம் வீட்டுச் சமையலைக்கொண்டே செய்ய முடியும். ஒருவரை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

26 வயது இளைஞர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். உயரம் 168 சென்டிமீட்டர், எடை 47 கிலோ. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ. வரும்; இவருக்கு 16.7. 18.5க்குக் கீழே இருந்தால் எடை போதாது என்று பொருள். அந்த 18.5ஐத் தொட இவர் 52 கிலோவைத் தாண்ட வேண்டும். முதல் இலக்கு அதுவே போதும். நண்பனைப் போல 70 கிலோ ஆக வேண்டும் என்று கிளம்ப வேண்டாம்.

சாப்பாட்டில் கை வைக்கும் முன் ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். இவர் பள்ளி நாளிலிருந்தே ஒல்லியா, அல்லது அண்மையில் இளைத்தவரா? சிறு வயதிலிருந்து இப்படித்தான், அப்பாவும் இப்படித்தான், எடை ஏறுவதும் இல்லை இறங்குவதும் இல்லை என்றால் பெரும்பாலும் நோய் இருக்காது. ஆனால் முயலாமலே ஆறு மாதத்தில் 50 கிலோவிலிருந்து 47 கிலோவுக்கு வந்திருந்தால் அது வேறு கதை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் லேசான காய்ச்சல், இரவில் வியர்வை என்றால் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். தாகமும் அடிக்கடி சிறுநீரும் என்றால் சர்க்கரை. படபடப்பு, கை நடுக்கம், பசி இருந்தும் இளைப்பு என்றால் தைராய்டு. நாள்பட்ட வயிற்றுப்போக்கு, பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது, எதிலும் மனம் ஒட்டாத சோர்வு, குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டைத் தள்ளுவது, இவையெல்லாம் மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை. இந்த நிலையில் நெய்யும் பாதாமும் தேடி அலைவது வைத்தியத்தைத் தள்ளிப்போடுவதில்தான் முடியும். இன்னொன்று: பல நாள் அநேகமாகப் பட்டினி கிடந்தவரும், எலும்பும் தோலுமாக ஆனவரும் திடீரென்று நிறையச் சாப்பிடக் கூடாது. ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சடாரென்று இறங்கி இதயத்தையே பாதிக்கலாம். அவர்களுக்கு மருத்துவமனைக் கண்காணிப்பில்தான் உணவைக் கூட்ட வேண்டும்.

நம் இளைஞருக்கு இவை எதுவும் இல்லை, சிறு வயதிலிருந்தே ஒல்லி என்று வைத்துக்கொள்வோம். “நல்லாத்தான் சாப்பிடறேன், உடம்புல ஒட்ட மாட்டேங்குது” என்பார். அதில் பாதி உண்மை இருக்கிறது. 1999இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லெவின் என்ற மருத்துவர் 16 பேருக்கு எட்டு வாரம், தினமும் தேவைக்கு மேல் 1,000 கலோரி கொடுத்துப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே கூடுதல்தான். ஆனால் சிலருக்கு அரைக் கிலோகூடக் கொழுப்பு சேரவில்லை, சிலருக்கு 4 கிலோவுக்கு மேல் சேர்ந்தது. சேராதவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டதை அவர்களை அறியாமலே செலவழித்திருந்தார்கள்: எழுந்து நடப்பது, நின்றுகொண்டே பேசுவது, காலை ஆட்டிக்கொண்டே இருப்பது. அப்படிப்பட்ட உடல்வாகு நிஜமாகவே உண்டு.

மீதிப் பாதிக்கு, அவர் ஒரு நாளில் சாப்பிடுவதை எழுதிப் பார்க்க வேண்டும். காலையில் எழுந்ததும் டீ. ஒன்பது மணிக்கு மூன்று இட்லி, சாம்பார், சட்னி: சுமார் 310 கலோரி. பதினொன்றுக்கு டீ. மதியம் சாதம், கொஞ்சம் சாம்பார், நிறைய ரசம், பொரியல், மோர்: 500. நாலு மணிக்கு டீயும் பிஸ்கட்டும். ஆறு மணிக்கு இன்னொரு டீ. இரவு மூன்று தோசை, சட்னி: 470. நான்கு டீக்கு 320, பிஸ்கட்டுக்கு 150 சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 1,750. இந்த எடையைத் தாங்கி நிற்க அதுவே போதும் என்பதால் எடை அப்படியே நிற்கிறது. புரதமோ 40 கிராம் அளவில்தான் இருக்கும்.

இந்தப் பட்டியலில் இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, பசி எடுக்கும் நேரத்திலெல்லாம் டீ வந்து நிற்கிறது. இனிப்பும் சூடும் பசியை ஒரு மணி நேரம் அடக்கிவிடும். அடுத்த வேளைச் சாப்பாடு சுருங்கும். சாப்பாட்டோடு ஒட்டிக் குடிக்கும் டீ, உணவிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதையும் குறைக்கும். இரண்டாவது, இவர் சாப்பிடுவதில் தண்ணீர் அதிகம். ரசமும் மோரும் வெந்த அரிசியும் வயிற்றை நிறைக்கின்றன, ஆனால் கலோரி குறைவு. உடம்பைக் குறைக்க நினைப்பவருக்கு இது நல்ல சாப்பாடு. இவருக்கு இடைஞ்சல்.

“இன்னும் ரெண்டு இட்லி போட்டுக்கோப்பா” என்று அம்மா சொல்வது அன்புதான். ஆனால் மூன்று இட்லியோடு வயிறு நிறைகிறவரால் ஐந்து சாப்பிட முடியாது. முதல் நாள் சாப்பிட்டுவிட்டு மறுநாள் சாப்பாட்டைப் பார்த்தாலே மிரளுவார். இட்லியை மூன்றாகவே விட்டுவிடுங்கள். சட்னிக்குப் பதிலாக இட்லிப் பொடியில் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்துக் கொடுங்கள். அந்த எண்ணெயில் மட்டும் 120 கலோரி இருக்கிறது, அதாவது ஏறக்குறைய இரண்டு இட்லிக்குச் சமம். வயிற்றில் இடமே பிடிக்காது. அளவைக் கூட்டாமல் அடர்த்தியைக் கூட்டுவது என்பது இதுதான். எடை கூட்டும் சாப்பாட்டின் சூட்சுமம் அனேகமாக முழுவதும் இதில் அடங்கிவிடுகிறது.

முதல் இரண்டு வாரம் இரண்டே மாற்றங்கள். காலையில் பொடியும் எண்ணெயும். பதினொரு மணி டீயை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் பாலும் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையும். பால் 200 மில்லி, தண்ணீர் கலக்காதது. கொழுப்பு 6 சதவீதம் உள்ள பாக்கெட் பாலில் சுமார் 175 கலோரி கிடைக்கும். 3 சதவீதப் பாலில் 120தான். 30 கிராம் வேர்க்கடலையில் 170 கலோரியும் 7 கிராம் புரதமும் உண்டு. டீயில் விட்டது போக நாளுக்கு 385 கலோரி கூடியிருக்கும். பாதாமும் பிஸ்தாவும் வாங்க வசதி இருந்தால் வாங்கலாம். ஆனால் புரதத்திலும் கலோரியிலும் வேர்க்கடலை அவற்றுக்குக் குறைந்ததல்ல. விலையைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் நிம்மதியாக வேர்க்கடலையிலேயே நிற்கலாம்.

இந்த இரண்டு வாரத்தில் கொஞ்சம் வாயுவும் வயிற்று உப்புசமும் இருக்கும். பழகிவிடும். பால் குடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு இரைந்து கழிச்சல் வந்தால் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பொருள். அவர்கள் கெட்டித் தயிருக்கு மாறிக்கொள்ளலாம், பெரும்பாலும் தயிர் தொந்தரவு செய்யாது.

மூன்றாம் வாரத்தில் அடுத்த மாற்றங்கள். காலையில் ஒரு முட்டை. மதியம் சாதத்தில் முதலில் ரசம் ஊற்றாமல், அரைக் கிண்ணம் கெட்டிப் பருப்பும் ஒரு தேக்கரண்டி நெய்யும் போட்டுப் பிசைந்து சாப்பிடுவது; ரசத்தைக் கடைசியில் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். நாலு மணிக்கு பிஸ்கட்டின் இடத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காய் தூவி. ஆறு மணி டீ வேண்டாம். இதையெல்லாம் கூட்டிக் கழித்தால் இவர் சாப்பாடு 2,300 கலோரியைத் தொட்டிருக்கும். பழைய கணக்கைவிட 550 கூடுதல். புரதம் 70 கிராமுக்கு வந்திருக்கும், அதாவது உடல் எடையில் கிலோவுக்கு சுமார் ஒன்றரை கிராம். தசை வளர இது தாராளம். முட்டை சாப்பிடாதவர் பனீரோ சோயாவோ இன்னொரு பங்கு பருப்போ சேர்க்கலாம். மீன் சாப்பிடுகிறவருக்கு மத்தியும் நெத்திலியும் விலை குறைந்த, சத்து மிகுந்த வழி. சிறுநீரக நோய் உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

உளுந்தங்களியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பூப்பெய்திய பெண்ணுக்கு உளுந்தும் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டிக் கொடுப்பது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். கணக்குப் போட்டால் அதன் அருமை தெரியும். 40 கிராம் உளுத்த மாவு, 25 கிராம் கருப்பட்டி, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் சேர்ந்த சின்னக் கிண்ணத்தில் 350 கலோரியும், 9 கிராமுக்குக் குறையாத புரதமும் இருக்கும். கடையில் டப்பாவில் விற்கும் எந்த எடை கூட்டும் மாவுக்கும் இது சளைத்ததல்ல. அந்த மாவுகள் பலவற்றின் லேபிளைப் படித்தால் முதலிடத்தில் இருப்பது சர்க்கரையோ மால்ட்டோடெக்ஸ்ட்ரினோதான். இரண்டாவதும் சர்க்கரையைப் போலவே ரத்தத்தில் விறுவிறுவென்று ஏறும். களியை வாரம் இரண்டு மூன்று நாள் காலையில் சாப்பிடலாம். இரவில் வேண்டாம், செரிக்க நேரம் பிடிக்கும்.

ஒல்லியான பெண்களின் விஷயத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிற பெண்ணின் தட்டில் சாதமும் ரசமும் இருக்கும். குழம்பிலிருந்த காயும் பருப்பும் முட்டையும் தீர்ந்திருக்கும். காலைச் சாப்பாடு பதினொன்றைத் தாண்டிப்போகும், சில நாள் இல்லாமலே போகும். அவருக்கு எந்தப் பட்டியல் கொடுத்தாலும் பயனில்லை, அவருடைய பங்கை முதலிலேயே எடுத்து வைக்கிற பழக்கம் அந்த வீட்டில் வந்தாலொழிய. கூடவே ரத்தசோகை இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும், ரத்தசோகையில் பசியே மந்தமாகிவிடும்.

இனி தசை. சாப்பாட்டை மட்டும் கூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால், யாஜ்னிக்கின் படம் சொன்னதுதான் நடக்கும். தசைக்குச் சுமை கொடுத்தால்தான் அது வளரும். இதற்கு ஜிம் கட்டாயமில்லை. வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அரை மணி நேரம் போதும். தண்டால், பஸ்கி, தோள்பையில் அரிசியோ புத்தகமோ நிரப்பிக்கொண்டு குனிந்து இடுப்புவரை இழுத்துத் தூக்குவது, அதே பையைத் தலைக்கு மேல் தூக்குவது: இந்த நான்கும் காலையும் மார்பையும் முதுகையும் தோளையும் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் எட்டு முதல் பன்னிரண்டு முறை, மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். பன்னிரண்டும் சுலபமாகிவிட்ட அன்று பையில் ஒரு கிலோ ஏற்ற வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். ஆறு மாதமாக அதே இருபது தண்டால் போட்டுக்கொண்டிருப்பார்கள்; உடம்பு அதற்குப் பழகி வளர்ச்சியை நிறுத்தியிருக்கும். தண்டால் ஒன்றுகூட முடியாதவர் சுவரில் கை ஊன்றி ஆரம்பிக்கலாம். நெடுந்தூர ஓட்டத்தை இந்த மாதங்களில் குறைத்துக்கொள்வது நல்லது. சிகரெட் பிடிக்கிறவர் விட்டால் பசி தானாகத் திரும்பும். நிகோட்டின் பசியைக் கொல்லும்.

பலன் தெரிகிறதா என்பதை அளந்துதான் அறிய முடியும். வாரத்தில் ஒரே நாள், காலைக்கடன் முடித்து, வெறும் வயிற்றில், அதே கருவியில் எடை பார்க்க வேண்டும். தினமும் பார்த்தால் முக்கால் கிலோ ஏறியும் இறங்கியும் மனதைக் குழப்பும். அதே நாளில் தையல் டேப்பால் தொப்புள் மட்டத்தில் இடுப்பையும், மேற்கையின் நடுவையும் அளந்து எழுதுங்கள். முதல் வாரத்தில் ஒரு கிலோ ஏறினால் பெரும்பகுதி தண்ணீரும் குடலில் உள்ள உணவும்தான். அதன்பின் வாரத்துக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோவரை ஏறுவது நல்ல வேகம். நம் இளைஞருக்கு 52 கிலோவைத் தொட நாலைந்து மாதம் ஆகும்.

இரண்டு மாதத்தில் எடை 3 கிலோ ஏறி, இடுப்பு 5 சென்டிமீட்டர் பெருத்து, கை மட்டும் அப்படியே இருந்தால் கொழுப்புதான் சேருகிறது. இனிப்பையும் எண்ணெயையும் கொஞ்சம் குறைத்து, பையில் பாரத்தைக் கூட்ட வேண்டும். நாலு வாரமாக எடை நகரவே இல்லை என்றால் மூன்று நாள் சாப்பிட்டதை விடாமல் எழுதிப் பாருங்கள். அனேகமாகப் பதினொரு மணிப் பால் விட்டுப்போயிருக்கும், அல்லது விடுமுறை நாளில் காலைச் சாப்பாடே இருந்திருக்காது. அதையெல்லாம் சரிசெய்தும் நகரவில்லையென்றால் ஒரு வாழைப்பழமும் இன்னொரு கைப்பிடி கடலையும் சேர்க்க வேண்டும். அதற்கும் அசையாத எடையை மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

இந்த நாலைந்து மாதப் பொறுமை இல்லாதவர்களைக் குறிவைத்து ஒரு வியாபாரம் நடக்கிறது. ஒரே மாதத்தில் பத்துக் கிலோ என்று சொல்லி, பெயரில்லாத மாத்திரையையோ ‘மூலிகை’ லேகியத்தையோ கொடுப்பார்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். அறிகுறி முகத்தில் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் கன்னம் உப்பி முகம் வட்டமாகும், அடங்காத பசி எடுக்கும், வயிறு முன்னே வரும், கையும் காலும் மெலிந்தே இருக்கும். ஸ்டீராய்டு தசையைக் கரைக்கும் என்பதால் இன்னும் மெலியும். சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும், உள்ளே அடங்கிக் கிடக்கும் காசநோய் தலைதூக்கலாம். பசியைத் தூண்டுவதற்காக சைப்ரோஹெப்டடின் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி விழுங்குகிறவர்களும் உண்டு. அது அலர்ஜிக்கான மருந்து. நாளெல்லாம் தூக்கம் வரும். நிறுத்தினால் பசியும் போய்விடும். ஸ்டீராய்டு கலந்ததோ என்று சந்தேகம் வந்தால், பல வாரம் சாப்பிட்டு வந்த ஒன்றைப் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்திவிடவும் கூடாது. உடம்பு தன்னுடைய சொந்த ஸ்டீராய்டைச் சுரப்பதை நிறுத்தியிருக்கும். மயக்கம், ரத்த அழுத்தம் விழுவது என்று உயிருக்கே ஆபத்தாகலாம். டப்பாவையும் மாத்திரையையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்.

52 கிலோவைத் தொட்ட பிறகு நம் இளைஞர் பழைய சாப்பாட்டுக்குத் திரும்ப முடியாது. 47 கிலோ உடம்புக்குப் போதுமாக இருந்த 1,750 கலோரி, கூடுதல் தசையோடு உடற்பயிற்சியும் செய்கிற உடம்புக்குப் போதாது. திரும்பினால் எடையும் திரும்பும். எண்ணெய் குழைத்த பொடியையும் பதினொரு மணிப் பாலையும் பருப்பையும் சுண்டலையும் வைத்துக்கொள்ளட்டும். எடை 55ஐ நெருங்கி, இடுப்பும் கூடவே நகரத் தொடங்கினால் முதலில் நெய்யையும் எண்ணெயையும் அரைப்பங்காக்கலாம். பருப்பையும் முட்டையையும் சுண்டலையும் குறைக்க வேண்டாம். ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டக் கூடாது என்பது நம்மவர்களுக்கான அளவு.